உச்சி வெளிக்குது, நெற்றி ஏறுது: மினொக்சிடிலும் ஃபினாஸ்டரைட்டும் பற்றி பாமசியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணை, உச்சியில தோல் தெரியத் தொடங்கீட்டுது. இது வழுக்கையோ, சும்மா கொட்டுதோ?

யாழ்ப்பாணத்தில் ஒரு பாமசியில் மருந்தாளராக நிற்கிறேன். தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நான் பார்ப்பது கொட்டிய முடியை அல்ல, தலையில் மிஞ்சி இருக்கும் முடியை. பரம்பரை வழுக்கையில் முடி ஒரே நாளில் விழுந்து இடம் காலியாவதில்லை. ஒவ்வொரு முறை விழுந்து முளைக்கும்போதும் முன்னையதைவிட மெல்லியதாக, குட்டையாக முளைக்கும். அதனால் உச்சியில் தடித்த முடிகளுக்கு நடுவே பூனைமயிர் போன்ற மெல்லிய முடிகள் கலந்து நிற்கும். அதே ஆளின் பிடரியில் முடி அடர்த்தியாக, தடிப்பாக இருக்கும். உச்சிக்கும் பிடரிக்கும் இந்த வேறுபாடு தெரிந்தால் அது அநேகமாக வழுக்கையின் தொடக்கம்தான்.

சும்மா கொட்டுவது வேறு மாதிரி இருக்கும். திடீரென்று தொடங்கும், தலை முழுக்கக் கொட்டும், முழுகும்போது கை நிறைய வரும். அப்படிச் சொல்பவர்களிடம் நான் கேட்பது, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்ததா என்று. மாரி மழையோடு டெங்கு வந்து படுத்தவர்கள் மாசி, பங்குனியில் முடி கொட்டுகிறது என்று வருவார்கள். பிள்ளை பெற்ற பிறகும், கடுமையாக உடம்பு மெலிந்த பிறகும் இதே கதைதான். வேர்கள் அதிர்ச்சியில் ஒன்றாக ஓய்வுக்குப் போய்விட்டன, அவ்வளவுதான். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்பி வரும். அதற்கு இந்த இரண்டு மருந்தும் தேவையில்லை.

காசளவு வட்டமாகக் கழன்றிருந்தால் அது புழுவெட்டு. தோல் சிவந்து, செதில் விட்டு, நோவோடு கொட்டினால் அது வேறொரு நோய். இரண்டுக்கும் தோல் வைத்தியரிடம் போங்கள். என்னிடம் மருந்து வாங்கி நாளைக் கடத்த வேண்டாம்.

எங்கட கிணத்துத் தண்ணி சரியான கல்லுத் தண்ணி. அதாலதான் கொட்டுதெண்டு அம்மா சொல்லுறா.

குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். அதனால் தண்ணீர் கடினமானது, கேத்திலில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, முடி சொரசொரப்பாகும், நடுவில் முறியும். ஆனால் முறிவது தண்டு, வேர் அல்ல. அம்மாவும் அதே கிணற்றில்தான் முழுகுகிறா. தண்ணீர்தான் காரணம் என்றால், உங்கள் உச்சியை மட்டும் தேடிப் பிடித்து, பிடரியை விட்டுவைக்க அதற்கு எப்படித் தெரியும்?

ஹெல்மெட்டும் அப்படித்தான். வியர்வையும் பொடுகும் அரிப்பைத் தரலாம், வழுக்கையைத் தராது.

அப்ப உண்மையான காரணம் என்ன?

ஆண்களின் உடலில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோனில் ஒரு பகுதியை ஒரு நொதியம் டி.எச்.டி. என்ற இன்னொரு ஹோர்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாகச் சிலருக்கு உச்சியிலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள முடிவேர்கள் இந்த டி.எச்.டி.யைத் தாங்காது. அது படப்பட வேர் சுருங்கும். முடி வளரும் காலமும் குறைந்துகொண்டே போகும். பிடரி வேர்களுக்கு அந்தப் பலவீனம் இல்லை.

இதற்கு இரண்டு பழைய சான்றுகள் உண்டு. 1942இல் ஹமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பருவமடையுமுன் விரை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று காட்டினார். அவர்களில் குடும்பவழி வழுக்கை உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது வழுக்கை தொடங்கியது. பிறகு 1974இல் டொமினிக்கன் குடியரசில் ஒரு குடும்பவழி பற்றிய விபரம் வெளிவந்தது. அங்கே சில ஆண்களுக்குப் பிறப்பிலேயே அந்த நொதியம் இல்லை. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் புரஸ்தாத்து சிறியதாக இருந்தது, நெற்றி ஏறவும் இல்லை. ஃபினாஸ்டரைட் என்ற மருந்துக்கு வழி காட்டியவர்கள் அவர்கள்தான்.

அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும். தாய்மாமனின் தலையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

ரெண்டும் முடி மருந்துதானே? என்ன வித்தியாசம்?

ஒரு வெங்காயப் பாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடு வந்து மேய்ந்துகொண்டே இருக்கிறது. மினொக்சிடில் என்பது தண்ணீரும் பசளையும். ஃபினாஸ்டரைட் என்பது வேலி.

மினொக்சிடில் முதலில் கடுமையான பிறஷருக்கான குளிசையாக இருந்தது. அதைப் போட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி அடர்ந்து வளர்வதைக் கண்டபிறகுதான் தலைக்குப் பூசும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988இல் அதற்கு அனுமதி கிடைத்தது. பூசியதும் தோலில் உள்ள ஒரு நொதியம் அதை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும். அந்த நொதியம் குறைவாக உள்ளவர்களுக்கு மருந்து அவ்வளவாகப் பிடிக்காது. பிடித்தால், ஓய்வில் கிடக்கும் வேர் சீக்கிரம் வளர்ச்சிக்குத் திரும்பும், வளரும் காலமும் நீளும். ஆனால் டி.எச்.டி.யை அது தொடவே தொடாது. ஆடு பாத்திக்குள்தான் நிற்கிறது.

ஃபினாஸ்டரைட், டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி.யாக மாற்றும் நொதியத்தையே தடுக்கும் குளிசை. முதலில் 5 மில்லிகிராமில் புரஸ்தாத்து வீக்கத்துக்கு வந்தது, 1997இல் 1 மில்லிகிராமில் ஆண் வழுக்கைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளுக்கு ஒரு குளிசை போட்டால் இரத்தத்தில் டி.எச்.டி. ஏறத்தாழ 70 சதவீதம் குறையும். புது முடி நிறைய முளைக்கும் என்று எதிர்பார்த்து இதைத் தொடங்கினால் ஏமாற்றம்தான். இருப்பதைக் காப்பதுதான் இதன் முதல் வேலை. பெரிய ஆய்வில் இரண்டு வருடம் குளிசை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு எண்ணிக்கையில் முடி மேலும் குறையவில்லை. மருந்து இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது 28 சதவீதம்தான்.

அதனால் எது சிறந்தது என்று என்னிடம் கேட்டால், ஆண்களுக்கு வேலிதான் அடிப்படை, தண்ணீர் அதோடு சேர்ந்தால் இன்னும் நல்லது என்பேன். இரண்டையும் சேர்த்துப் பாவிப்பவர்களுக்குத் தனித்தனியாகப் பாவிப்பதைவிடப் பலன் கூட. ஆனால் வேலி போடுவதற்கு வைத்தியரின் துண்டு வேண்டும். அது ஏன் என்று கீழே வருகிறது.

மினொக்சிடில் பூசத் தொடங்கி ஒரு மாசம். முன்னையவிடக் கூடக் கொட்டுது. நிப்பாட்டட்டோ?

நிப்பாட்ட வேண்டாம். இந்த இடத்தில்தான் பலர் போத்தலை எறிகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே கவலை, ஏனென்றால் மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளமாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஓய்வில் கிடந்த வேர் விழித்து வளரத் தொடங்கும்போது, அங்கே ஒட்டிக்கொண்டிருந்த பழைய முடியைத் தள்ளிவிடும். இரண்டாவது கிழமைக்கும் எட்டாவது கிழமைக்கும் இடையில் இப்படிக் கொட்டி, பிறகு தணியும்.

கொக்குவில் பக்கத்துத் தம்பி ஒருவர், வயது 29. உச்சிச் சுழியைச் சுற்றிச் சின்னக் கோப்பை அளவு வெளித்திருந்தது, நெற்றி இரண்டு மூலையும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆவணி மாதம் 5 சதவீத மினொக்சிடில் வாங்கிப் போனார். நான்காவது கிழமை பதறிப்போய் வந்தார், தலையணையில் முடி என்று. உச்சியில் ஏறத்தாழ அறுபது முடியை விரல்களுக்கு இடையில் பிடித்து மெல்ல இழுக்கச் சொன்னேன். ஆறுக்கு மேல் வந்தால் அது உதிர்வு வேகமாக நடக்கும் நேரம். அவருக்கு எட்டு வந்தது. பூசுவதை விடாமல் ஒன்பதாவது கிழமை வரச் சொன்னேன். வந்தபோது இரண்டுதான் வந்தது.

நான் அவரிடம் வற்புறுத்தியது படம் எடுக்கத்தான். தொடங்கிய அன்றே, முற்றத்தில் காலை எட்டு மணி வெளிச்சத்தில், காய்ந்த தலையில், ஒரே நீளத்தில் வெட்டிய முடியோடு, அவருடைய தம்பியைக் கொண்டு மேலிருந்து ஒரு படம். பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில். நாளாந்தம் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றால் யாருக்கும் மண்டை தெரியும். நான்காம் மாதப் படத்தில் கோப்பை அளவு குறையவில்லை, ஆனால் நடுவில் மெல்லிய முடிகள் கொஞ்சம் கறுத்திருந்தன. எட்டாம் மாதத்தில் உச்சி நன்றாக மூடியிருந்தது. நெற்றி மூலைகள் அப்படியே இருந்தன. அந்தக் கட்டத்தில் அவர் தோல் வைத்தியரைப் பார்த்து ஃபினாஸ்டரைட்டும் சேர்த்துக்கொண்டார். ஒரு வருடம் தாண்டிய படத்தில் உச்சி நிலைத்து நின்றது. அதைத்தான் அவர் வெற்றி என்று சொல்கிறார், நானும் அப்படித்தான் சொல்வேன்.

நான்கு மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மினொக்சிடிலுக்கு ஆறு மாதம், ஃபினாஸ்டரைட்டுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் படத்தில் எதுவும் அசையவில்லை என்றால் காசை வீணாக்க வேண்டாம்.

எப்பிடிப் பூசுறது? எண்ணெய் வைக்கலாமோ?

ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர், காலையும் மாலையும். அதாவது 60 மில்லிலீற்றர் போத்தல் சரியாக ஒரு மாதம் வரும். இரண்டு மாதம் வந்தால் நீங்கள் குறைவாகப் பூசுகிறீர்கள். முடியில் அல்ல, முடியை விலக்கித் தோலில் விட்டு விரல் நுனியால் பரப்புங்கள். தோல் காய்ந்திருக்க வேண்டும். பூசிய பிறகு நான்கு மணித்தியாலம் தலையை நனைக்காதீர்கள். பூசிவிட்டுக் கீரிமலைக் கேணிக்குப் போனால் அன்றைய மருந்து கேணிக்குத்தான்.

எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுவது நம் வீடுகளின் வழக்கம், விட வேண்டியதில்லை. எண்ணெய் இருக்கும் தலையில் மட்டும் பூச வேண்டாம். முழுகி, காய்ந்த பிறகு பூசுங்கள். எண்ணெய் முடித்தண்டை மிருதுவாக்கும், முறிவதைக் குறைக்கும், வேர் சுருங்குவதை நிறுத்தாது.

இரவில் பூசியதும் தலையணையில் படுத்தால் மருந்து முகத்தில் பட்டு அங்கே மயிர் முளைக்கலாம். படுப்பதற்குக் குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்னால் பூசிவிட்டுக் கை கழுவுங்கள். தலை அரித்துச் சிவந்தால், பல திரவங்களில் கலந்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கோல் காரணமாக இருக்கலாம், நுரை வடிவத்தில் பெரும்பாலும் அது இருக்காது. நெஞ்சு படபடப்பு, தலைசுற்று, கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். இதய நோய் உள்ளவர்கள் தொடங்க முன்பே கேளுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கவனம், பூசிய தலையை அது நக்கினாலும் அதன் உயிருக்கு ஆபத்து.

கனடாவில் இருந்து மாமா அனுப்பும் போத்தலைப் பாவிப்பதில் தவறில்லை. முடிவுத் திகதியையும் சதவீதத்தையும் மட்டும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு நெத்தி மூலைதான் பிரச்சினை. அங்கயும் வருமோ?

உச்சி அளவுக்கு வராது. இரண்டு மருந்தையும் சோதித்த பெரிய ஆய்வுகள் முக்கியமாக உச்சியில்தான் நடந்தன. ஃபினாஸ்டரைட்டின் மருந்துத் தாளிலேயே நெற்றி மூலைகள் ஏறுவதற்குப் பலன் நிறுவப்படவில்லை என்று இருக்கிறது. மெல்லிய முடி இன்னும் மிஞ்சியிருந்தால் கொஞ்சம் தடிக்கலாம், மேலும் ஏறுவது மெதுவாகலாம். பல வருடமாக வழுவழுவென்று கிடக்கும் இடத்தில் முளைக்கவைக்கப் பூச்சாலும் குளிசையாலும் முடியாது.

ஃபினாஸ்டரைட் போட்டா ஆண்மை போயிடுமெண்டு சொல்லினம். உண்மையோ?

ஆபத்தே இல்லை என்று சொன்னாலும் பொய், எல்லோருக்கும் வரும் என்று சொன்னாலும் பொய். ஆய்வுகளில் ஆசை குறைவு, விறைப்புக் குறைவு, விந்து குறைவு என்று ஏதாவது ஒன்றைச் சொன்னவர்கள் நூறில் ஏறத்தாழ நான்கு பேர். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது நூறில் இரண்டு. பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினால் சரியாகும். நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சிலர் முறையிட்டிருக்கிறார்கள், அதை நான் மறைப்பதில்லை.

நான் அதைவிட அழுத்திச் சொல்வது மனநிலையைப் பற்றி. 2025இல் ஐரோப்பிய மருந்து முகவரகம், தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டரைட் குளிசையின் பக்கவிளைவுகளில் ஒன்று என்று உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர் வைத்தியரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கக்கூடாது. குளிசை தொடங்கியபின் மனம் இருண்டுகொண்டு வந்தால் நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரிடம் பேசுங்கள். வீட்டில் ஒருவருக்காவது நீங்கள் இந்தக் குளிசை போடுவது தெரிந்திருக்கட்டும். துண்டு இல்லாமல் தரமாட்டேன் என்று நான் நிற்பது இதனால்தான்.

ஐம்பது தாண்டியவர்களுக்கு இன்னொன்று. புரஸ்தாத்துக்குச் செய்யும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையில் இந்தக் குளிசை அளவைப் பாதியாக்கிக் காட்டும். சொல்லாவிட்டால் வைத்தியர் நல்ல அளவு என்று நினைத்துவிடுவார்.

5 மில்லிகிராம் குளிசையை நாலாய் வெட்டிப் போட்டால் என்ன? வீட்டில மனிசி பிள்ளைத்தாச்சி.

கணக்குப்படி ஒரு துண்டு 1.25 மில்லிகிராம், அளவில் பெரிய பிழை இல்லை. வைத்தியர்களே சிலருக்கு இப்படி எழுதுகிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் வேண்டாம். முழுக் குளிசையைச் சுற்றியிருக்கும் பூச்சு மருந்து கையில் படாமல் காக்கிறது. வெட்டினால் தூள் மேசையிலும் கத்தியிலும் படியும். கர்ப்பிணியின் உடலுக்குள் அது போனால், வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையாக இருந்தால், பிறப்புறுப்பு சரியாக உருவாகாமல் போகலாம். அந்த உறுப்பு உருவாக டி.எச்.டி. தேவை. பிள்ளை பிறக்கும்வரை 1 மில்லிகிராம் முழுக் குளிசையே வாங்குங்கள், அவ கையால் எடுத்துத் தரவும் வேண்டாம். விந்தில் போகும் அளவு மிகச் சிறியது, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பிள்ளைக்கு முயன்றும் தங்காமல் இருப்பவர்கள் இந்தக் குளிசை போடுவதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் மீளும்.

நான் பொம்பிளை. வகிடு அகண்டுகொண்டு போகுது. எனக்கு எது?

மினொக்சிடில், 2 சதவீதம் இரண்டு வேளை, அல்லது 5 சதவீத நுரை ஒரு வேளை. கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ அதுவும் வேண்டாம். பிள்ளை பெறும் வயதில் ஃபினாஸ்டரைட் கூடாது. ஆனால் மருந்துக்கு முன்னால் இரத்தத்தில் இரும்பும் தைரோயிட்டும் பாருங்கள். இரும்பு குறைவால் கொட்டும் தலையில் மாதக்கணக்கில் மினொக்சிடில் பூசிவிட்டுப் பலனில்லை என்று வருபவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. மாதவிடாய் குழம்பி, நாடியில் தடித்த மயிரும் வந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முடி நல்லா வந்திட்டுது. இனி விடலாமோ?

மினொக்சிடிலை விட்டால் மூன்று நான்கு மாதத்தில் அது தந்த முடி போய்விடும். ஃபினாஸ்டரைட்டை விட்டால் ஒரு வருடத்துக்குள் காத்ததெல்லாம் போகும். வேலியைப் பிரித்தால் ஆடு வரத்தானே செய்யும். மருந்தால் முன்னையதைவிட மோசமாவதில்லை, மருந்து இல்லாமல் இருந்திருந்தால் எங்கே நிற்பீர்களோ அங்கே போய் நிற்பீர்கள், அவ்வளவுதான். ஒரு நாள் மறந்தால் கவலை இல்லை, அடுத்த நாள் இரண்டு போடாதீர்கள். வருடக்கணக்கில் தொடர முடியுமா என்று தொடங்க முன்பே யோசித்துப் பாருங்கள். முடியாது என்றால் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு இருப்பதும் நல்ல முடிவுதான், அப்படி முடிவெடுத்த பலரை நான் மதிக்கிறேன்.

ஊரில இரத்ததான முகாம் வைக்கினம். நான் ஃபினாஸ்டரைட் போடுறன். குடுக்கலாமோ?

கடைசிக் குளிசை போட்டு ஒரு மாதம் ஆன பிறகு கொடுங்கள். உங்கள் இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம், அதில் இருக்கும் மருந்தும் அவவோடு போகும். வரிசையில் நிற்கும்போது தரும் படிவத்தில் இந்தக் குளிசையின் பெயரை எழுதிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். மினொக்சிடில் பூசுவதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.